அப்பாவின் முதல் விடுப்புக் கடிதம் (சிறுகதை)

நகராட்சியில் நாள்கூலியாகக் குழாய் பழுது பார்த்த காலத்தில் முருகேசனுக்கு விடுப்பு என்பது மேஸ்திரியிடம் வாய்வார்த்தையாகச் சொல்வதும் அன்றைய கூலியை இழப்பதும்தான். பணி நிரந்தரமான பிறகு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு, ஆனால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் செல்வி தாளை எடுத்து அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதிவிட்டுக் காரணம் கேட்டாள். தங்கை மகளின் காதுகுத்தில் தொடங்கி, மச்சான் முறுக்கிக்கொண்ட கதைவரை அவர் விரிவாகச் சொல்ல, “அதெல்லாம் வேண்டாம்ப்பா, ‘குடும்ப விழாவில் கலந்துகொள்ள’ போதும்; எந்தத் தேதி, எத்தனை நாள், அதைச் சொல்லுங்க” என்றாள். வெள்ளியும் சனியும் என்றார். நாட்காட்டியைப் பார்த்து 12, 13 ஆகிய இரண்டு நாட்கள் என்று தேதியோடு எழுதினாள்.

தன் கையெழுத்தில்தான் கொடுப்பேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், பென்சிலால் மெல்லிதாக எழுதித் தந்தாள். குழாய்த் திருகியைப் பிடித்துத் தடித்த விரல்கள் அதன்மேல் பேனாவை அழுத்தி நகர்த்தின. ‘தற்செயல்’ என்ற சொல்லில் றகரத்தின் புள்ளி தாளையே துளைத்துவிட்டது. ‘தங்கள் உண்மையுள்ள’ என்பதன் கீழே மட்டும், சம்பளப் பதிவேட்டில் போட்டுப் பழகிய கையெழுத்தை ஒரே இழுப்பில் போட்டார்.

“இதே மாதிரி தேதி போடாம இன்னொண்ணு எழுதி வைம்மா, ஆடித் திருவிழாவுக்கு ஆகும்” என்றார்.

“அதை நீங்களே பார்த்து எழுதுங்க” என்று பேனாவை அவரிடமே விட்டுவிட்டாள்.