மீன் குடலும் தென்னை நார்த்தூளும்

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் மீன் சந்தையின் கழிவை உரமாக்கும் வேலையை நான் ஏற்றபோது, குடலும் செவுளும் வாய்க்காலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. நாயும் காக்கையும் இழுத்தது போக மிஞ்சியது தண்ணீரில் அழுகிக் கிடந்தது.

மீனில் தழைச்சத்து மிக அதிகம். தனியாகக் குவித்தால் அது அமோனியாவாக மூக்கைத் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடும். அதைப் பிடித்துவைக்கக் கார்பன் வேண்டும். கயிறு ஆலைகள் உள்ள எங்கள் பகுதியில் நார்த்தூளுக்குப் பஞ்சமில்லை. ஒரு கூடை மீன் கழிவுக்கு மூன்று கூடை நார்த்தூள் என்று கலந்தோம்.

அமோனியா அடங்கியது. ஆனால் சில நாளில் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது, குவியலும் சூடேறவில்லை. கிளறிப் பார்த்தால் உள்ளே களிபோல் இறுகியிருந்தது. நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும். மீனிலிருந்து வடிந்த ஐஸ் தண்ணீரைக் குடித்துக் காற்று போகும் இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டது. அமோனியா நெடி என்றால் கார்பன் போதவில்லை, முட்டை நாற்றம் என்றால் காற்று போதவில்லை. இந்த இரண்டையும் மூக்கு பிரித்தறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதன் பிறகு கழிவைத் துளையிட்ட கூடையில் வடியவிட்டே எடுத்தோம். நார்த்தூளின் ஒரு பங்கைக் குறைத்து, விரல் நீளத்துக்கு நறுக்கிய தென்னை மட்டையைச் சேர்த்தோம். தரையில் ஓர் அடிக்கு மட்டையும் தூளும், மேலே கலவை, எல்லாவற்றையும் மூட இன்னும் ஓர் அடிக்குக் காய்ந்த தூள். இந்த மேல்மூடிதான் நாற்றத்தை வடிகட்டுகிறது, ஈயையும் தடுக்கிறது. மீன் வெட்டும் அக்கா ஒருவர், “தம்பி, குடல் வெயிலில் கிடந்தால் ஈ உடனே முட்டை வைத்துவிடும், வெட்ட வெட்ட எடுத்துக்கொண்டு போ” என்றார். சந்தை முடியும்வரை காத்திராமல் அப்படியே செய்தோம். புழு வெகுவாகக் குறைந்தது.

கைப்பிடிக் கலவையைப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் மினுங்க வேண்டும், சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் மூன்றாம் நாளே நீளக்கம்பி வெப்பமானி 55 பாகையைத் தாண்டியது. மீன் சதை கரையும்வரை முதல் இரண்டு வாரம் குவியலைத் தொடவில்லை. நடுப்பகுதிதான் வேகும், ஓரம் வேகாது. எனவே அடுத்து 55 பாகைக்குக் குறையாமல் 15 நாள் வைத்திருந்து, அதற்குள் ஐந்து முறை ஓரத்தை உள்ளே தள்ளிப் புரட்டினோம். நோய்க்கிருமி சாக அந்தச் சூடு குவியல் முழுவதற்கும் கிடைத்தாக வேண்டும். பச்சைக் கழிவுக்கு ஒரு மண்வெட்டி, வெந்த உரத்துக்கு வேறு மண்வெட்டி என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்றையே புழங்கினால் பச்சைக் கழிவின் கிருமி வெந்த உரத்தில் திரும்ப ஏறிவிடும்.

சூடு தணிந்த உரத்தைச் சில வாரம் ஆறவிட்டு, ஒரு தொட்டியில் பாசிப்பயறு விதைத்துப் பார்க்கிறோம். முளை கருகாமல் வந்தால் சலித்துத் தென்னந்தோப்புகளுக்குக் கொடுக்கிறோம். சல்லடையில் தங்கும் சூரைத் தலையெலும்பும் மட்டைத் துண்டும் அடுத்த குவியலின் அடியில் போகின்றன.