எனக்கு கிரேவ்ஸ் நோய்தான் என்று உறுதியான விதம்

இரண்டாவது பிள்ளைக்கு ஏழு மாதம் நடந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனது. களுவாஞ்சிகுடியில் வீட்டிலிருந்தே சட்டை தைத்துக் கொடுக்கிறேன். நூல் நுனி ஊசிக்காதைச் சுற்றிச் சுற்றி வருகிறது, உள்ளே மட்டும் போகவில்லை. கண்ணில்தான் ஏதோ பிழை என்று நினைத்தேன், கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பியின் நோய் என்று தோன்றவே இல்லை.

அது மார்கழி. வெளியே அடைமழை, வீட்டில் எல்லாரும் போர்வைக்குள். நான் மட்டும் ஃபேனைப் போட்டுக்கொண்டு வியர்த்துக் கிடந்தேன். பசி என்றால் அப்படி ஒரு பசி, மூன்று நேரச் சோற்றுக்கு நடுவில் பாணும் தின்பேன். ஆனாலும் 54 கிலோ 46 ஆனது. நாளைக்கு மூன்று நான்கு தடவை வயிற்றால் போகும். இரவில் காதைத் தலையணையில் வைத்தால் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேட்கும். "பால் குடுக்கிற உடம்பு மனே, மெலியத்தான் செய்யும்" என்றார் அம்மா. முதலில் பார்த்த வைத்தியரும் நித்திரைக் குறைவு என்று சொல்லி விற்றமின் தந்து அனுப்பினார். ஒரு மாதம் அதிலேயே போனது.

அடுத்து பார்த்த வைத்தியர் என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாளின் ஓரம் காற்றில் ஆடுகிற மாதிரி துடித்தது. ஃபேன் நின்றுதான் இருந்தது. நாடித்துடிப்பு 118. தண்ணீர் விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார், இரண்டு பக்கமும் ஒரே சீராக வீங்கியிருந்தது. இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 0.01ஐ விடக் குறைவு, தைரொயிட் ஹோர்மோன்களான எஃப்டி4, எஃப்டி3 இரண்டும் மிக அதிகம்.

டிஎஸ்எச் என்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைரொயிட்டுக்கு அனுப்பும் கட்டளை. ஹோர்மோன் கூடினால் அந்தக் கட்டளை நின்றுவிடும். ஆக, இந்த ரிப்போர்ட் தைரொயிட் ஹோர்மோன் கூடியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது, ஏன் கூடியது என்று சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு அந்த 'ஏன்'தான் முக்கியம்.

வைத்தியர் நம்ம ஊர்க் குளத்தை வைத்தே விளக்கினார். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைரொயிட் அழற்சி வரும். அது குளக்கட்டு உடைவது மாதிரி. தேங்கியிருந்த ஹோர்மோன் வெளியேறும், சில வாரங்களில் வற்றிவிடும், பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் வரும். கிரேவ்ஸில் கட்டு உடைவதில்லை. டிஎஸ்எச் வந்து அமர வேண்டிய ஏற்பியில் உடலே உண்டாக்கிய ஓர் எதிர்பொருள் அமர்ந்துகொண்டு, 'சுர, சுர' என்று தூண்டிக்கொண்டே இருக்கும். வான்கதவைத் திறந்துவிட்டு, மேலிருந்தும் தண்ணீர் விடுவது போல. முதலாவதற்குச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை உதவாது, ஏனென்றால் அங்கே புதிதாக எதுவும் அதிகமாகச் சுரக்கவில்லை. இரண்டாவதற்கு அதுதான் மருந்து.

இங்கேதான் எனக்கு ஒரு தவறு நடந்தது. தனியார் ஆய்வுகூடத்தில் 'தைரொயிட் எதிர்பொருள்' என்று கேட்டபோது டிபிஓ எதிர்பொருளைப் பார்த்துவிட்டார்கள். அது பொசிட்டிவ். சந்தோஷமாகக் கொண்டு போனேன். "இது இரண்டு நோயிலும் வரும் மகள், இதை வைத்துப் பிரிக்க முடியாது. வேண்டியது டிஆர்ஏபி" என்று தாளில் எழுதித் தந்தார். அந்த ஏற்பியில் அமரும் எதிர்பொருளுக்கான சோதனை அது. கேட்கும்போது `TRAb` என்று எழுத்தைக் காட்டியே கேளுங்கள்.

கதிரியக்கப் பொருள் கொடுத்து எடுக்கும் ஸ்கேனிலும் பிரிக்கலாம். கிரேவ்ஸில் சுரப்பி முழுவதும் அதை இழுத்துக்கொள்ளும், அழற்சியில் இழுக்காது. நான் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் அது வேண்டாம் என்றார். இரத்தம் கொழும்புக்குப் போய் ஒரு வாரத்தில் முடிவு வந்தது: 8.6. அந்த ஆய்வுகூடத்தின் எல்லை 1.75.

அந்தச் சோதனை, ஏற்பியில் ஒட்டும் எல்லா எதிர்பொருளையும் எண்ணும். தூண்டுவதா தடுப்பதா என்று பிரிக்காது. தூண்டுவதை மட்டும் அளக்க டிஎஸ்ஐ என்று தனியாக ஒன்று உண்டு. ஆனால் ஹோர்மோன் இவ்வளவு ஏறிக் கிடக்கிற ஆளுக்கு அது தூண்டுவதுதான் என்பது தெளிவு, இன்னொரு சோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நெகட்டிவாக வந்திருந்தாலும் கிரேவ்ஸ் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாதாம், சிலருக்கு எதிர்பொருள் அளவில் சிக்காது. என் கண்களையும் பார்த்தார். இமை கொஞ்சம் மேலேறியிருந்தது, கண் பிதுங்கவில்லை. எல்லாருக்கும் கண்ணில் வராது.

அன்றைக்கே சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையைத் தொடங்கினேன், பால் கொடுக்கலாம் என்ற அளவில். காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வந்து வெள்ளை அணுக்களைப் பார்க்க வேண்டும் என்று கடுமையாகச் சொன்னார். ஆறாவது வாரம் எஃப்டி4 சாதாரண அளவுக்கு வந்தது, டிஎஸ்எச் இன்னும் 0.01இலேயே கிடந்தது. பயந்து ஓடினேன். கட்டளை திரும்ப எழும்ப மாதங்கள் ஆகலாம், அதுவரை எஃப்டி4, எஃப்டி3ஐப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டிக் குறைப்பார்களாம். டிஆர்ஏபியை இனி ஒன்று, ஒன்றரை வருடம் கழித்து, மருந்தை நிறுத்தலாமா என்று யோசிக்கும்போதுதான் திரும்ப எடுப்பார்கள்.