இலக்கு 10, நடந்தது 6

மருத்துவமனைகளின் மருந்துக் கிடங்குகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் கணக்கும் நிர்வாகமும் என் பொறுப்பாக இருந்தன. மாதம் பிறந்து முதல் வாரத்துக்குள் முதலீட்டாளர்களுக்கு அப்டேட் மெயில் போயாக வேண்டும். அதன் முதல் வரைவு என் தலையில்தான் விழும். நிறுவனர் அதைத் திருத்தித் தன் பெயரில் அனுப்புவார். எங்களுக்குள் இழுபறி வந்ததெல்லாம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: தவறிய இலக்கை எப்படிச் சொல்வது?

ஒரு மாதம் 10 மருத்துவமனைகள் கையெழுத்திடும் என்று முந்தைய மெயிலில் எழுதியிருந்தோம். வந்தவை 6. நிறுவனர் திருத்திய வரைவில் இப்படி இருந்தது: “இந்த மாதம் 6 மருத்துவமனைகள் புதிதாக இணைந்தன. மேலும் சில இறுதிக் கட்டத்தில் உள்ளன.” இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் படிக்கிறவருடைய இன்பாக்ஸில் போன மாத மெயிலும் இருக்கிறதே! அதைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பார்த்துவிட்டால், அடுத்த மாதம் நாங்கள் சொல்லும் நல்ல செய்தியையும் பாதியாகக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்வார். “இலக்கு 10, நடந்தது 6” என்றே முதல் வரியில் போடலாம் என்றேன். “சரி, ஆனால் அந்த நாலும் எங்கே போச்சுன்னு கேட்பாங்களே” என்றார். அதுதான் சரியான கேள்வி. பதில் எங்கள் இருவரிடமும் இல்லை.

விற்பனை பார்க்கும் பெண்ணை உட்கார வைத்து நாலையும் ஒவ்வொன்றாகக் கேட்டோம். ஒன்று போட்டி நிறுவனத்திடம் போய்விட்டது. மீதி மூன்றிலும் கதை ஒன்றுதான். மருந்தகத் தலைவருக்குப் பிடித்துவிட்டது, கொள்முதல் பிரிவும் ஒத்துக்கொண்டுவிட்டது. கடைசி நேரத்தில் தகவல் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு நீளமான கேள்வித்தாள் வந்திருக்கிறது. நோயாளிகளின் தகவல் எங்கே சேமிக்கப்படுகிறது, உங்கள் ஊழியர்களில் யாரெல்லாம் அதைப் பார்க்க முடியும், தகவல் கசிந்தால் எத்தனை மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்வீர்கள், வெளியார் யாராவது உங்கள் மென்பொருளை ஊடுருவிச் சோதித்திருக்கிறார்களா என்றெல்லாம். எங்களில் யாரும் இதற்குமுன் அப்படி ஒரு தாளை நிரப்பியதில்லை. பதில் எழுதவே வாரக்கணக்கில் இழுத்திருக்கிறது.

“விற்பனை மந்தம்” என்று எழுதியிருந்தால் இது வெளியே வந்திருக்காது. விற்பனை நடக்கிறது, ஒரே வாசலில் போய் முட்டி நிற்கிறது. மெயிலிலும் அப்படியே எழுதினோம்: ஒன்று கைவிட்டுப் போனது, மூன்று தள்ளிப்போயின, காரணம் இது.

‘தள்ளிப்போனது’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். போன வியாபாரம் எல்லாம் வசதியாக அதற்குள் ஒளிந்துகொள்ளும். நான் வைத்திருந்த சோதனை எளிது. எதிர்த்தரப்பில் அடுத்த வேலையை யார், எந்தத் தேதிக்குள் செய்யப்போகிறார்? இதற்குப் பெயரும் தேதியும் சொல்ல முடிந்தால் தள்ளிப்போனது. “பேசிக்கொண்டிருக்கிறோம்” என்பதுதான் பதில் என்றால் போய்விட்டது. அடுத்தடுத்து இரண்டு மெயில்களில் தள்ளிப்போனதாக வந்த வாடிக்கையாளரை, மூன்றாவதில் இழந்த கணக்கில் எழுதிவிடுவது என்றும் வைத்துக்கொண்டோம்.

இனி அறிமுகம் கேட்கும் பகுதி. அதுவரை எங்கள் மெயில்கள் “மருத்துவமனைத் துறையில் தெரிந்தவர்கள் இருந்தால் அறிமுகப்படுத்தவும்” என்றுதான் முடியும். யாரும் பதில் போட்டதில்லை. உதவ மனமில்லை என்று சொல்ல முடியாது. அந்த வரியைப் படிக்கிறவர்தான் யார், எதற்கு, என்ன சொல்லி என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அந்த வேலையை நாங்கள் அவர்மேல் தள்ளிவிட்டிருந்தோம். காரணம் தெரிந்தபிறகு என்ன கேட்பது என்பதும் தெரிந்துவிட்டது. “நடுத்தர அளவு மருத்துவமனைக் குழுமத்தில் தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் ஒருவரிடம் அரை மணி நேரம் வேண்டும். அவருக்கு எதையும் விற்கப்போவதில்லை. நாங்கள் எழுதிய பதில்களில் எது தேறாது என்று அவர் சொன்னால் போதும்.”

எல்லோருக்கும் போகும் மெயிலில் கேட்டால் வேறு யாராவது செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள். அதனால் லிங்க்ட்இன்னில் தேடி, அப்படிப்பட்டவர்களோடு எங்கள் முதலீட்டாளர்களில் யாருக்குத் தொடர்பு இருக்கிறது என்று பார்த்து, அவர்களுக்குத் தனித்தனியாக எழுதினோம். கூடவே, அப்படியே ஃபார்வர்டு செய்யத் தோதாக ஒரு குறிப்பும். அது புதிய மெயிலாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அப்டேட்டின் கீழேயே கேட்டால், அவசரத்தில் அதையே தூக்கி அனுப்பிவிடுவார்கள். வாடிக்கையாளராக வரக்கூடியவர் எங்கள் கையில் எத்தனை மாதப் பணம் மிச்சமிருக்கிறது என்று படித்துக்கொண்டிருப்பார்!

குறிப்பு நாலே வரிதான்: “மருந்துக் கிடங்கில் காலாவதியாகும் சரக்கைக் குறைக்கும் மென்பொருள் செய்கிறோம். மருத்துவமனைகளின் பாதுகாப்புக் கேள்வித்தாளில் தடுமாறுகிறோம். மருத்துவமனைப் பக்கத்தில் அனுபவம் உள்ள ஒருவர் எங்கள் பதில்களைப் பார்த்தால் பெரிய உதவி. நேரமில்லை என்றால் தயங்காமல் சொல்லலாம்.” முதலீட்டாளர் இதைத் தனக்குத் தெரிந்த பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்பி, அந்த அதிகாரி சரி என்ற பிறகுதான் எங்களை இணைப்பார். இணைத்த அன்றே நாங்கள் பதில் எழுதி, நன்றி சொல்லி, முதலீட்டாளரை பிசிசிக்கு நகர்த்திவிடுவோம். சந்திப்புக்கு எந்த நாள் வசதி என்ற பேச்சுவார்த்தை அவர் இன்பாக்ஸை நிரப்ப வேண்டாம், அல்லவா?

கையிலுள்ள பணம் எத்தனை மாதம் தாங்கும் என்கிற ரன்வே கணக்கிலும் அதே மாதம் ஒரு சின்ன சிக்கல் வந்தது. வங்கியில் 90 இருக்கிறது, மாதத்துக்கு நிகரமாக 9 கரைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாதம் தாங்கும். அந்த மாதம் ஒரு மருத்துவமனை ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாக முன்பணமாகக் கட்டியதால் கரைந்தது 6 மட்டும். 90-ஐ 6-ஆல் வகுத்தால் பதினைந்து மாதம் என்று வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடுத்த மாதம் அந்தப் பணம் வராது, பர்ன், அதாவது மாதம் கரையும் பணம், பழையபடி 9-க்கே போய்விடும். அப்போது ஐந்து மாதம் எங்கே போயிற்று என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். முன்பணத்தை ஒதுக்கிவிட்டு பத்து மாதம் என்றே எழுதினோம். முன்பணம் வந்ததைத் தனி வரியாகச் சொன்னோம்.

நேர்மை என்றால் எல்லாவற்றையும் மெயிலில் கொட்டுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த மெயில்கள் கை மாறும். கையெழுத்தாகாத வாடிக்கையாளர் பெயரையோ ஓர் ஊழியரின் சொந்தப் பிரச்சினையையோ அதில் போட மாட்டோம். நிறுவனர்களில் ஒருவர் விலகுகிறார், சம்பளத்துக்குப் பணம் போதாது என்கிற அளவுச் செய்திகளை முதலில் பெரிய முதலீட்டாளர்களிடம் போனில் சொல்லிவிட வேண்டும். அதையெல்லாம் அவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து மெயிலில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

தனியாக எழுதியவற்றில் ஒன்று பலித்தது. கிடைத்த பாதுகாப்பு அதிகாரி எங்கள் பதில்களைப் படித்துவிட்டு, “மற்றதெல்லாம் பரவாயில்லை. வெளியார் சோதனை அறிக்கை இல்லாமல் நானே உங்களை உள்ளே விடமாட்டேன்” என்றார். சோதனைக்கு ஆள் வைத்தோம். அறிக்கை வந்ததும் மூன்றில் இரண்டு மருத்துவமனைகள் கையெழுத்திட்டன; மூன்றாவதை இழந்த கணக்கில் சேர்த்தோம். சோதனைச் செலவால் அந்த மாத பர்ன் 9-லிருந்து 10 ஆனது. அதையும் காரணத்தோடு மெயிலின் முதல் பத்தியிலேயே எழுதினோம். அதிகாரியை அறிமுகப்படுத்தியவருக்கு, அதனால் என்ன நடந்தது என்று அதற்கு முன்பே தனியாக எழுதியிருந்தோம்.