பரண் நோட்டு

மே 4
கத்திரி பிறந்துவிட்டது. மாவுக்கட்டுக்குள் கால் அரிக்கிறது.

மே 5
பேத்தி பரணில் ஏறி என் பழைய நோட்டை இறக்கிவிட்டாள். தூசியில் இருவருக்கும் தும்மல். "எதையுமே நீங்க முடிக்கலையா தாத்தா?" தாலுகா ஆபீசில் நிலுவைப் பதிவேடு எழுதியவனிடம் கேட்கிற கேள்வியா!

அவள் பிடித்துக்கொண்டது 1987ஆம் வருடப் பக்கம். "பானைக்குள் பானை. இடையில் ஈர மணல். காய்கறி வாடாதோ? விசாரிக்க." அவ்வளவுதான். யாரை விசாரிக்க நினைத்தேனோ.

மே 6
தூக்கமில்லை. அரிப்பு.

மே 8
பானை தயார். சந்தையில் வாங்கிய சின்னப் பானை உள்ளே. மருமகள் கோலமிட்டு வைத்திருந்த பெரிய பானை வெளியே. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மணல், அது ஊறும்வரை தண்ணீர், மேலே ஈரச் சாக்கு. உள்ளே தக்காளியும் கொத்தமல்லியும்.

மே 9
கொத்தமல்லி துவண்டுவிட்டது. பேத்தி சாப்பிடவில்லை. நான் கட்டிலில் படுத்தபடி பெரிய பானையைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று காய்ந்து கிடந்தது. முழுக்க எனாமல் பெயிண்ட்! மணலில் இருக்கிற ஈரம் பானைச் சுவர் வழியாகக் கசிந்து காற்றில் ஆவியாகப் போனால்தானே சூட்டைக் கொண்டுபோகும்? பெயிண்ட் அடித்த பானை வியர்க்காது.

மே 11
பெயிண்ட் இல்லாத பானை. அடுப்படியை விட்டுத் திண்ணை நிழலில், காற்று வரும் பக்கம் வைத்திருக்கிறாள் பேத்தி. மதியம் வெளியே 39 டிகிரி, பானைக்குள் 28. தெர்மாமீட்டரை மூன்று பேர் வாங்கிப் பார்த்தோம். பால் வைக்கலாமா என்றாள் மருமகள். கூடாது, 28இல் பால் திரிந்துவிடும். கீரை, கத்தரிக்காயோடு சரி.

நைஜீரியாவில் முகம்மது பா அப்பா என்ற ஆசிரியர் இதே பானையை ஊருக்குக் கொண்டுபோய் 2000இல் ரோலக்ஸ் விருது வாங்கினாராம். பேத்தி படித்துக் காட்டினாள். அவர் விசாரிக்கவில்லை போலிருக்கிறது, செய்துவிட்டார்.

மே 13
ராத்திரி நல்ல மழை. காலையிலிருந்து புழுக்கம், பானைக்கும் வெளிக்கும் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம். பானை கெட்டுவிட்டதென்று பேத்திக்கு அழுகை. தெர்மாமீட்டர் முனையில் ஈரத்துணி சுற்றி விசிறச் சொன்னேன். 31இலிருந்து 28க்கு இறங்கி நின்றுவிட்டது. ஏற்கெனவே ஈரமான காற்று இன்னும் எவ்வளவு குடிக்கும்? ஈரத்துணி எதுவரை இறங்குகிறதோ, பானை அதற்குக் கீழே போகவே போகாது. கடலோர ஊர்க்காரர்கள் இந்தப் பானைக்குச் செலவழிக்க வேண்டாம்.

இதை நோட்டில் அவளே எழுதினாள், என் "விசாரிக்க"வுக்குப் பக்கத்தில். கையெழுத்து என்னுடையதைவிடக் கோழிக்கிறுக்கல்.

மே 14
வெயில். பானை 29. அரிப்பு.

மே 16
நாளை கட்டுப் பிரிக்கிறார்கள். இவள் அதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். "கிணற்று ராட்டினத்தில் சைக்கிள் செயின் மாட்டினால்" என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன்.

"மாட்டினால் என்ன தாத்தா?"

பழைய சைக்கிள் யார் வீட்டில் கிடக்கிறதென்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.