கையைத் தூக்கினால் வலி: ஒரு தோள்பட்டையோடு பதினான்கு வாரங்கள்

சீலிங்குக்கு நானே பெயிண்ட் அடித்துக்கொள்கிறேன் என்று கிளம்பியதில் ஆரம்பித்தது இது. நீளக் கம்பில் ரோலரை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் முழுக்க அண்ணாந்தபடி வேலை. அடிக்கும்போது வலியே இல்லை. மூன்றாம் நாள் காலை சட்டை போட வலது கையை நீட்டினேன், மேல் கையின் வெளிப்பக்கம் சுரீரென்றது.

தசைப்பிடிப்புதானே என்று மூன்று வாரம் விட்டுவிட்டேன். அந்த மூன்று வாரத்தில் வலிக்கு ஒரு ஒழுங்கு இருப்பது புரிந்தது. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் ஆரம்பத்தில் ஒன்றும் இருக்காது. தோள் மட்டத்தை நெருங்கும்போது குத்தும். அதையும் பல்லைக் கடித்துத் தாண்டிக் காதருகே கொண்டுபோய்விட்டால் வலி காணாமல் போகும். இறக்கும்போது அதே இடத்தில் மறுபடியும் குத்தும். ராத்திரி வலது பக்கம் புரண்டால் தூக்கம் போய்விடும்.

அப்புறம் எதிர்த் திசையில் ஒரு தப்பு செய்தேன். முழு ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று இரண்டு வாரம் வலது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தேன். வலி குறைந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்த அன்றே முழுசாகத் திரும்பி வந்தது. கூடவே கையில் வலுவும் குறைந்திருந்தது.

சரி, டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று போனேன். நேரே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் கால் மணி நேரம் என் கையை வைத்தே சோதித்தார். அவர் என்ன பார்த்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தோள்பட்டை வலி என்று வருகிறவர்களுக்கு அங்கேதான் பாதை பிரிகிறது.

முதலில் கழுத்தைத் திருப்பவும் சாய்க்கவும் சொன்னார், விரல்களில் மரத்துப்போகிறதா என்று கேட்டார். இரண்டிலும் ஒன்றும் இல்லை. கழுத்து நரம்பிலிருந்து இறங்கும் வலியாக இருந்தால் பெரும்பாலும் அங்கே தெரிந்திருக்கும் என்றார். பிறகு என்னைப் படுக்கவைத்து, கையைத் தளர்த்தச் சொல்லி, அவரே தூக்கினார். கை காதுவரை போனது. நானாகத் தூக்கினால் குத்துகிற கை, அவர் தூக்கும்போது ஏறக்குறைய வலியில்லாமல் போனது எனக்கே ஆச்சரியம். அடுத்து முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். இரண்டு கையும் ஒரே அளவு திரும்பின. ‘உறைந்த தோள்’ என்கிறார்களே, அதில் மற்றவர் திருப்பினாலும் கை வெளிப்பக்கம் திரும்பாமல் முட்டிக்கொண்டு நிற்குமாம். எனக்கு அப்படி இல்லை.

கடைசியாக அதே நிலையில் முன்கையை வெளியே தள்ளச் சொல்லி, அவர் கையால் எதிர்த்துப் பிடித்தார். வலித்தது, ஆனால் தள்ள முடிந்தது. அதைத்தான் அவர் முக்கியமாக எடுத்துக்கொண்டார். “வலி இருக்கு, வலுவும் இருக்கு. பெரிய கிழிசலா இருந்தா உங்களால இப்படித் தள்ளவே முடியாது” என்றார். விழுந்தோ அடிபட்டோ அந்த நொடியிலிருந்து கையைத் தூக்கவே முடியாமல் போனால் மட்டும் வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது, உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். காய்ச்சலோடு தோள் வீங்கிச் சூடாக இருந்தாலும் உடனே வர வேண்டும். நெஞ்சு இறுக்கத்தோடு இடது தோள் வலித்தால் தோளைப் பற்றி யோசிக்கவே நேரமில்லை, அது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம்.

எனக்கு ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம் என்றதற்கு அவர் சொன்ன காரணம் நியாயமாகப் பட்டது. வயது ஏற ஏற, துளி வலி இல்லாதவர்களின் தோளிலும் சின்னச் சின்னக் கிழிசல்கள் ஸ்கேனில் தெரியும். அதைப் பார்த்துவிட்டு நான் பயந்துகொண்டிருப்பேனே தவிர, முதல் மூன்று மாத சிகிச்சை மாறப்போவதில்லை.

என்ன ஆகியிருக்கிறது என்பதற்கு அவர் கொடுத்த விளக்கம் இது. தோள் மூட்டின் பந்தைக் கிண்ணத்தில் நிறுத்திப் பிடிப்பவை நான்கு சிறு தசைகள். அவற்றின் தசைநாண்கள் சட்டைக் கையின் பட்டி மாதிரி பந்தைச் சுற்றி ஒட்டியிருக்கும். அதுதான் ரொட்டேட்டர் கஃப். கையைத் தூக்கும் வேலையைத் தோளின் பெரிய தசை செய்யும்போது, பந்து மேலே ஏறிவிடாமல் இவை இழுத்துப் பிடிக்கின்றன. பழக்கமில்லாத அளவு வேலை ஒரேயடியாக வந்தால் அந்தத் தசைநாணும், அதன் மேல் மெத்தை போல இருக்கும் திரவப் பையும் எரிச்சலடைகின்றன. வலி மட்டும் தோள் மூட்டில் தெரியாமல் மேல் கையின் பக்கவாட்டில் தெரியும். நான் ஐந்து வாரம் தைலம் தேய்த்தது அந்த இடத்தில்தான்.

எலும்பு உரசுகிறது, அதைச் செதுக்கினால் சரியாகிவிடும் என்று நான் எங்கோ படித்திருந்ததையும் கேட்டேன். 1972-ல் நீர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதியதிலிருந்து அந்தக் கருத்து பல பத்தாண்டுகள் ஓடியது என்றார். 2018-ல் பிரிட்டனில் ஒரு ஆய்வு வந்தது. அதில் ஒரு குழுவுக்கு உண்மையாகவே எலும்பைச் செதுக்கினார்கள், இன்னொரு குழுவுக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்ததோடு சரி. இரண்டு குழுவுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டதும் கத்தி பற்றிய எண்ணம் போய்விட்டது.

ஒரு வாரத்துக்கு வலி மாத்திரை, வயிறும் சிறுநீரகமும் எப்படி என்று விசாரித்த பிறகே எழுதினார். அப்புறம் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்.

அந்த அம்மா முதல் நாள் ஒரேயொரு பயிற்சிதான் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சுவருக்குப் பக்கவாட்டில், வலது பக்கம் சுவரை ஒட்டி நிற்க வேண்டும். சுருட்டிய சின்னத் துண்டை முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே வைத்து, முழங்கையை 90 பாகை மடக்கி, புறங்கையைச் சுவரில் பதித்து வெளிப்பக்கம் அழுத்த வேண்டும். கை நகரக் கூடாது. முழு பலத்தில் பாதிதான். 30 நொடி பிடித்து, ஒரு நிமிடம் விட்டு, ஐந்து முறை. காலையும் மாலையும். துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகுகிறது என்று அர்த்தம். முதல் இரண்டு நாள் எனக்கு விழுந்துகொண்டேதான் இருந்தது.

பயிற்சியைவிட அவர் கொடுத்த கணக்குதான் என்னைக் காப்பாற்றியது. பத்துக்கு மார்க் போடுங்கள் என்றார். பயிற்சி செய்யும்போது மூன்று, நான்கு வரை வலிக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் மறுநாள் காலை பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் நேற்று செய்தது அதிகம். ஒரு சின்ன நோட்டில் தினமும் இரண்டு எண் எழுதினேன்: செய்யும்போது எவ்வளவு, காலையில் சட்டை போடும்போது எவ்வளவு.

ராத்திரிக்கும் வழி சொன்னார். இடது பக்கம் படுத்தால் ஒரு தலையணையை அணைத்து அதன் மேல் வலது கையை வைப்பது, மல்லாந்து படுத்தால் முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு வைத்து, கை பின்னால் தொங்காமல் பார்த்துக்கொள்வது. அந்த வாரமே இடைவிடாமல் ஐந்து மணி நேரம் தூங்கினேன்.

பயிற்சி தொடங்கிய மூன்றாம் வாரம் கையை அசைத்துச் செய்யும் பயிற்சிகள் வந்தன. இடது பக்கம் படுத்துக்கொண்டு, அரைக் கிலோ எடையைப் பிடித்து முன்கையை மேலே திருப்புவது, 12 முறை வீதம் மூன்று சுற்று. கதவுக் கைப்பிடியில் கட்டிய எலாஸ்டிக் பட்டையை விலாப் பக்கம் இழுப்பது, தோள்பட்டை எலும்புகள் பின்னால் சேரும்படி. இவை இரண்டும் ஒருநாள் விட்டு ஒருநாள்.

ஐந்தாம் வாரம் சொதப்பினேன். காலை மார்க் ஒன்றுக்கு வந்துவிட்டதே என்ற தைரியத்தில் எடையை ஒரு கிலோவாக்கினேன், அன்றைக்கே கையைத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியையும் சேர்த்தேன். செய்யும்போது மூன்றுதான். மறுநாள் காலை ஆறு. எல்லாம் கிழிந்துபோச்சு என்று பயந்து போன் செய்தேன். “வலுவாத் தள்ள முடியுதா சார்?” என்றுதான் முதலில் கேட்டார். முடிந்தது. அப்படியானால் கிழிசலாக இருக்க வாய்ப்பு குறைவு, கோபித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். அவர் ஓய்வு எடுக்கச் சொல்லவில்லை. இரண்டு நாள் சுவர்ப் பயிற்சிக்கு மட்டும் திரும்பி, பிறகு அரைக் கிலோவிலிருந்து தொடங்கச் சொன்னார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது கெடுத்தது என்றே தெரியாது. நான்காம் நாள் மார்க் இரண்டுக்கு இறங்கியது.

அந்த வாரம் டாக்டரிடம் ஸ்டீராய்டு ஊசி பற்றியும் கேட்டேன். தூக்கமே இல்லை, பயிற்சியே செய்ய முடியவில்லை என்றால் போடலாம், சில வாரங்களுக்கு வலி குறையும், ஆனால் வருடக் கணக்கில் பார்த்தால் போட்டவருக்கும் போடாதவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்றார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன், பயிற்சியும் நடந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எட்டாம் வாரம்தான் கை தலைக்கு மேல் போனது, அதுவும் வெறுங்கையாக. நேர் பக்கவாட்டில் இல்லாமல், கொஞ்சம் முன்பக்கமாக, கட்டைவிரல் மேலே பார்த்தபடி தூக்க வேண்டும். அதே குத்தும் இடம் முதலில் இரண்டு மார்க் காட்டியது. பிறகு அரைக் கிலோ, ஒரு கிலோ. பன்னிரண்டாம் வாரம் இரண்டு கிலோவைத் தூக்கி மேல் தட்டில் வைத்து எடுத்தேன், எட்டு முறை. சட்டை போடும்போது எப்போதிலிருந்து வலிக்கவில்லை என்று யோசித்தால் ஞாபகமில்லை. நோட்டைப் பார்த்தால் பத்தாம் வாரத்திலிருந்து பூஜ்யம்.

சீலிங்கில் ஒரு மூலை பெயிண்ட் இல்லாமல் அப்படியே நின்றிருந்தது. பதினான்காம் வாரம் உயரமான ஏணி வாங்கி வந்து, கை தோள் மட்டத்துக்கு மேல் அதிகம் போகாத உயரத்தில் நின்றுகொண்டு, ஒரு நாளைக்கு இருபது நிமிடம் என்று மூன்று நாளில் முடித்தேன். நான்காம் நாள் காலை நோட்டில் ஒன்று என்று எழுதினேன். அதற்கடுத்த நாள் பூஜ்யம்.