மீஹூன் ஊறும் நேரம்

8 பிப்ரவரி 2025, சனி

தைப்பூசத்தன்று காலைப் பசியாறலுக்குச் சைவ மீஹூன் பிரட்டுவதாக முடிவு. அண்ணி ஃபோனில் கேட்டார்: "கொதிக்கிற தண்ணியில போட்டா ரெண்டு நிமிஷத்துல முடியுமே, எதுக்குப் பச்சைத் தண்ணி?"

மீஹூன் ஆலையிலேயே ஆவியில் வெந்து, அதன்பின் காய்ந்து வருவது. நாம் அதற்குத் தண்ணீரைத் திரும்பக் கொடுத்தால் போதும். பச்சைத் தண்ணீரில் இழை ஓரளவு குடித்ததும் உறிஞ்சும் வேகம் குறைந்துவிடும். கொதிநீரில் மாவுச்சத்து உப்பிக்கொண்டே போய் வெளியே கசிகிறது. இழைகளை ஒட்டவைப்பது அந்தக் கசிவுதான். கோதுமை மீயை உள்ளிருந்து பிடித்து வைக்கும் பசைப்புரதம் அரிசியில் கிடையாது. அதனால் கொஞ்சம் தாண்டினாலும் குழைந்துவிடும்.

9 பிப்ரவரி, ஞாயிறு

200 கிராம் மெல்லிய மீஹூனை மூழ்கும்படி பச்சைத் தண்ணீரில் 25 நிமிடம் வைத்தேன். ஓர் இழையை விரலில் சுற்றினால் உடையாமல் வளைய வேண்டும். கடித்தால் நடுவில் லேசான கடினம் தெரிய வேண்டும். முழுக்க மெத்தென்று இருந்தால் குவாலிக்குப் போகும் முன்பே நேரம் கடந்துவிட்டது. பாக்கெட்டுக்குப் பாக்கெட் நேரம் மாறுவதால் கடிகாரத்தைவிடப் பல்லையே நம்புகிறேன்.

ஊறியதை வடிதட்டில் கால் மணி நேரம் விட்டு, கத்தரிக்கோலால் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டேன். இந்த வடிப்பைப் பலர் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். இழைகளுக்கிடையே தேங்கிய தண்ணீர் குவாலியில் கணக்கில் சேராத குழம்பாகிவிடும்.

பூண்டும் சாவிக் கீரையும் வதங்கியதும் சோயா சாஸ் கலந்த முக்கால் கப் தண்ணீரை ஊற்றி, அது கொதித்த பின்பே மீஹூனைச் சேர்த்தேன். மீதி வேக்காடு இங்கேதான். இரண்டு கரண்டியால் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டேன். கிண்டினால் இழை நொறுங்கும். மூன்று நிமிடத்தில் குழம்பு வற்றி, இழைகள் தனித்தனியாக நின்றன. தவ்கே கடைசியில்.

11 பிப்ரவரி, தைப்பூசம்

ஒரு கிலோவை ஐந்து தடவையாகப் பிரட்டினோம். குவாலியில் மொத்தமாகக் குவித்தால் சூடு இறங்கி, மேலே காய்ந்தும் அடியில் குழைந்தும் போகும். காத்திருந்த மீஹூனைத் தண்ணீரில் விடவில்லை. வடித்து ஈரத்துணியால் மூடி வைத்தோம். பாத்திரம் காலியானபோது அண்ணி, "அடியிலகூட ஒட்டலயே" என்றார்.

13 பிப்ரவரி, வியாழன்

இன்று மீஹூன் சூப். சூப்புக்கு மட்டும் கொதிநீரைப் பயன்படுத்துகிறேன், ஏனென்றால் பிரட்டும் வேலை இதில் இல்லை. ஊறிய இழையை அரை நிமிடம் கொதிநீரில் முக்கி, வடித்து, கிண்ணத்தில் போட்டு, சாப்பிட உட்காரும்போது சூப்பை ஊற்றினேன். சூப் பானைக்குள்ளேயே போட்டால் அது குடித்துக்கொண்டே இருக்கும். அரை மணியில் கஞ்சி.

லக்சாவுக்குப் போடும் தடித்த மீஹூனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வெறும் ஊறலில் அதன் நடு மசியாது. ஊறவைத்தாலும் கொதிக்கவைத்தே ஆக வேண்டும், நடுவில் வெள்ளைப் புள்ளி மறையும்வரை.