டேலி ஆகிற ஸ்லிப்

"கூட்டிக் கழிச்சா வருதுல்ல தம்பி, அப்புறம் என்ன?" என்று தன் சம்பள ஸ்லிப்பைப் பார்த்து, கூட வேலை செய்யும் அக்கா கேட்டார். கணக்கு வருகிறது, ஆனால் சம்பளம் சரியில்லை என்றேன். அந்தப் பதிலில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் வேண்டாம் என்ற பிறகும் நானே கணக்குப் பிரிவுக்குப் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

கானாடுகாத்தான் பக்கம், ஹோட்டலாகிவிட்ட பெரிய வீடொன்றில் எங்களுக்கு வேலை. நான் ரிசப்ஷன், அக்கா ஹவுஸ்கீப்பிங். ஊரில் புரவி எடுப்பு என்று ஜூனில் இரண்டு நாள் லீவு போட்டார். கைவசம் லீவு இல்லாததால் அது சம்பளமில்லாத விடுப்பு. முழு மாதச் சம்பளம் 15,000. ஜூனுக்கு 30 நாள், ஆக இரண்டு நாளுக்கு 1,000 குறைய வேண்டும். அது அவருக்கும் தெரியும். அதைவிட அதிகமாகக் குறைந்ததாகத் தோன்றியதால்தான் ஸ்லிப்பை என்னிடம் நீட்டினார்.

வருமானப் பக்கத்தில் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து 9,800, வீட்டு வாடகைப்படி 2,800, போக்குவரத்து 1,400. மொத்தம் 14,000. பிடித்தம் பக்கத்தில் பி.எஃப். 1,176, இ.எஸ்.ஐ. 105, அட்வான்ஸ் 1,000, சம்பளமில்லாத விடுப்புக்கு எல்.ஓ.பி. என்று 1,000. மொத்தம் 3,281. கைக்கு வந்தது 10,719. ஒரு ரூபாய் பிசகில்லை, பேங்கில் ஏறியதும் அதேதான்.

எல்.ஓ.பி. வரியை முதலில் நானும் இயல்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். லீவு போட்டார், பிடித்தார்கள். அப்புறம் பி.எஃப். வரியைச் சரிபார்த்தேன். 9,800-இல் 12 சதவீதம் 1,176. சரி. ஆனால் முழு மாதத்துக்கு அவருடைய அடிப்படையும் அகவிலைப்படியும் 10,500 ஆயிற்றே? அதை 30-ஆல் வகுத்து 28-ஆல் பெருக்கினால்தான் 9,800 வரும். இ.எஸ்.ஐ. 105 என்பதும் 14,000-க்கான 0.75 சதவீதம். அப்படியென்றால் லீவு போட்ட இரண்டு நாள் வருமானப் பக்கத்திலேயே கழிந்துவிட்டது. அதே இரண்டு நாளைப் பிடித்தம் பக்கத்தில் இன்னொரு முறை கழித்திருக்கிறார்கள். முழுச் சம்பளத்தைக் காட்டிவிட்டு எல்.ஓ.பி.யைப் பிடிக்கலாம், அல்லது வருமானத்தையே 28 நாளுக்குக் குறைத்துக் காட்டலாம். இரண்டையும் செய்யக்கூடாது. அவர் கைக்கு 11,719 வந்திருக்க வேண்டும்.

மே மாத ஸ்லிப்பைப் பக்கத்தில் வைத்து அக்காவுக்குக் காட்டினேன். உடனே புரிந்துகொண்டார். புரிந்த பிறகுதான், "விடுங்க தம்பி, அட்வான்ஸ் கொடுத்தது அவங்கதான்" என்றார். அது பயமில்லை. அவசரத்துக்குப் பணம் தந்தவரிடம் போய்க் கணக்குக் கேட்பது அவருக்கு நன்றாகப் படவில்லை. அந்த மரியாதையை நான் மதித்திருக்க வேண்டுமோ என்று தோன்றும். ஆனால் 1,000 ரூபாய் அவருக்கு இரண்டு நாள் உழைப்பு. தெரிந்தும் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

கணக்காளர் கோபப்படவில்லை. "டேலி ஆகுதே" என்றுதான் அவரும் ஆரம்பித்தார். வேலை நாள் 28 என்று வருகைப் பதிவிலிருந்து சாஃப்ட்வேரே எடுத்துக்கொள்கிறது, பழைய பழக்கத்தில் எல்.ஓ.பி.யைக் கையாலும் போட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் திருப்பித் தருவதாகச் சொன்னார், தந்தார்.

தந்த விதத்தில்தான் இன்னொரு சிக்கல். ஜூலை ஸ்லிப்பில் அந்த 1,000 வருமானப் பக்கத்தில் அரியராக ஏறி, மொத்தம் 16,000 ஆகிவிட்டது. பி.எஃப். 10,500-க்கு 1,260 என்று ஒழுங்காகவே இருந்தது. இ.எஸ்.ஐ. மட்டும் 16,000-க்குப் போட்டு 120. 15,000-க்கு 112.50 வரும், அடுத்த ரூபாய்க்கு ஏற்றினால் 113. தவறாகப் பிடித்ததைத் திருப்பித் தருவது புதுச் சம்பளம் ஆகாது. அதை மொத்தச் சம்பளத்தில் சேர்க்காமல் தனி வரியாகக் காட்டியிருக்க வேண்டும். ஏழு ரூபாய்தான். இந்த ஸ்லிப்பும் டேலி ஆனது. இந்த முறை நான் போய்க் கேட்கவில்லை. அக்கா சொல்லைக் கேட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தொகை சின்னது என்பதால் விட்டேனோ என்றும் தோன்றுகிறது.

அதே புரவி எடுப்புக்கு லீவு போட்டவர்கள் இன்னும் சிலர் உண்டு. அவர்களுடைய ஸ்லிப்பையும் பார்க்கச் சொல்லி அன்றைக்கே கணக்காளரிடம் கேட்டேன். "கேக்குறவங்களுக்குப் பார்த்துக் கொடுத்திடலாம்" என்றார். அடுத்தவர் சம்பளத்தைக் காட்டுங்கள் என்று நான் கேட்க முடியாது. லீவு போட்ட மாத ஸ்லிப்பில் பி.எஃப். எந்தத் தொகைக்குப் போட்டிருக்கிறது என்று பாருங்கள் என மதியச் சாப்பாட்டின்போது பொதுவாகச் சொல்லி வைத்தேன். இருவர் ஸ்லிப்பைத் தேடுவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள், பேங்கில் வந்த தொகையும் ஸ்லிப்பும் ஒன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள்.